கணுக்கால் கறுத்தால் காத்திருக்க வேண்டாம்

முத்துப்பேட்டை பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவகம் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பரோட்டா போட்டு வருபவர் அவர். வயது ஐம்பத்து நான்கு. பிற்பகல் மூன்று மணிக்குக் கல்லின் முன் நின்றால் இரவு பதினொன்றுக்குத்தான் நகர்வார். இடது கணுக்காலின் உட்புறம் ஒரு புண் வந்து இரண்டு மாதங்களாகியும் ஆறவில்லை என்று என் அறைக்கு வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அதைச் ‘சர்க்கரைப் புண்’ என்றே வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய கதையின் வழியாகவே இந்தக் கட்டுரையைக் கொண்டுசெல்கிறேன்.

புண்ணைவிட அதைச் சுற்றியிருந்த தோலே முதலில் என் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு அது காப்பிக்கொட்டை நிறத்தில் கறுத்து, பளபளத்து, தொட்டால் பலகைபோல இறுகியிருந்தது. “இந்தக் கறுப்பு எப்போதிருந்து?” என்று கேட்டேன்.

“அது படைங்க டாக்டர். மூணு வருஷமா இருக்கு. அரிக்கும்போது மருந்துக்கடையில களிம்பு வாங்கித் தடவுவேன். ரெண்டு நாள் அடங்கும், மறுபடி வந்துடும். அதுக்கு முன்னாடி சாயங்காலமானா கால் மரக்கட்டை மாதிரி கனக்கும். நின்னு வேலை பாக்குறவனுக்கு அது இருக்கத்தானே செய்யும்?”

அவர் சொன்ன மூன்றும் தனித்தனி நோய்கள் அல்ல. மாலையில் கால் கனத்தது, மூன்று ஆண்டுகளுக்கு முன் தோல் கறுத்தது, இரண்டு மாதங்களுக்கு முன் புண் வந்தது ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று படிகள். அந்த நோய்க்குச் சுருள்சிரை நோய் என்று பெயர். வெரிகோஸ் வெயின் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் படியிலேயே அவர் வந்திருந்தால் மூன்றாம் படி வந்திருக்காது.

சுருண்டிருப்பது நரம்பு அன்று

நம் ஊரில் இதை ‘நரம்பு சுருட்டல்’ என்றே சொல்கிறோம். அதனால் பலர் இதை நரம்புத் தளர்ச்சி என்று எண்ணிச் சத்து மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார்கள். காலில் புடைத்து நெளிந்து தெரிபவை நரம்புகள் அல்ல, அவை சிரைகள். காலுக்கு வந்த இரத்தத்தை மீண்டும் இதயத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்களையே சிரைகள் என்கிறோம்.

நிற்கும்போது இந்த இரத்தம் கணுக்காலிலிருந்து மார்பு வரை மேல்நோக்கி ஏறியாக வேண்டும். அதை ஏற்றிவிடும் விசையின் பெரும்பகுதி கெண்டைக்கால் தசையிலிருந்து வருகிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தத் தசை இறுகி, உள்ளே இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் திரும்ப இறங்கிவிடாதபடி சிரைகளின் உள்ளே மெல்லிய இதழ்களாலான ஒருவழி அடைப்பான்கள் இருக்கின்றன. வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு இரத்த ஓட்டத்தை விளக்கி நூல் எழுதியபோது, இந்த அடைப்பான்கள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதை அவருடைய முதன்மையான சான்றுகளில் ஒன்றாகக் காட்டினார்.

கடைமடையில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் முன் அவற்றின் குறுக்கே கதவுகளுடன் கூடிய இயக்கு அணைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளநீர் கடலுக்குப் போக வேண்டும். கடல்நீர் ஆற்றில் ஏறிவிடக் கூடாது. கதவு பழுதானால் உப்புநீர் பின்னோக்கி ஏறி வயலில் தேங்கும். சிரையின் அடைப்பான் பழுதானாலும் இதுதான் நிகழ்கிறது. தொடையின் மேற்பகுதியில் ஓர் அடைப்பான் சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே வழிந்து அடுத்த அடைப்பானின் மேல் அழுத்துகிறது. அந்த இடத்தில் சிரை விரிய, அங்குள்ள இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகின்றன. இப்படியே ஒவ்வொன்றாகப் பழுதாகி, சிரை விரிந்தும் நீண்டும் இடம் போதாமல் நெளிகிறது. வெளியே நாம் காணும் சுருள் அதுதான்.

அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையில் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம். நலமான காலில் சில அடிகள் நடந்ததுமே அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அடைப்பான் பழுதான காலில் நடந்தாலும் போதிய அளவு இறங்குவதில்லை. நம் பரோட்டா மாஸ்டரோ நடக்கவும் இல்லை. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார். கால் கனத்தது இதனால்தான். படுத்து எழுந்த காலையில் கனம் இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம். படுத்திருக்கும்போது இரத்தம் மேலேற வேண்டியதில்லை.

தோல் ஏன் கறுக்கிறது?

சுருண்ட சிரை தெரியும் எல்லாருக்கும் தோல் கறுப்பதில்லை. பலருக்குச் சிரை புடைத்திருப்பதோடு நின்றுவிடும். தொடையிலோ கெண்டையிலோ சிலந்தி வலைபோல மெல்லிய நீல, சிவப்பு இழைகள் மட்டும் தெரிபவர்கள் அவற்றுக்காக அஞ்ச வேண்டியதில்லை. கணுக்காலருகே தோலின் நிறம் மாறத் தொடங்கும்போது நிலைமை வேறாகிறது. சிரைக்குள் இருந்த சிக்கல் சிரையை விட்டு வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

அழுத்தம் ஆண்டுக்கணக்கில் இறங்காமல் இருந்தால் மிக நுண்ணிய இரத்தத் தந்துகிகள் கசியத் தொடங்குகின்றன. முதலில் நீர் கசிகிறது; மாலையில் கணுக்கால் வீங்குகிறது. பிறகு சிவப்பணுக்களும் வெளியேறித் தோலுக்கடியில் சிதைகின்றன. அவற்றிலுள்ள இரும்புச்சத்து அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் காணும் பழுப்பும் கறுப்பும் பெரும்பாலும் அந்த இரும்பின் கறைதான். உப்புநீர் ஏறி வடிந்த வயலில் நீர் போன பின்னும் உப்பு தங்கிவிடுவதைப் போன்றது இது.

அந்தக் கறை சும்மா இருப்பதில்லை. அது அழற்சியைத் தூண்டுகிறது. தோல் வறண்டு, செதிலெழுந்து, கடுமையாக அரிக்கிறது. நம் மாஸ்டர் படை என்று நினைத்தது இதைத்தான். பூஞ்சையால் வரும் படைக்கு ஓரங்கள் தெளிவாக, வளையம்போல உயர்ந்திருக்கும். அது உடலின் எந்தப் பகுதியிலும் வரும். சிரையால் வரும் அரிப்பு கணுக்காலின் உட்புறத்தைச் சுற்றியே நிற்கும். கூடவே மாலை வீக்கமும் மேலே ஒரு சுருள் சிரையும் இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் அரிப்பு அப்போதைக்கு அடங்கும். ஆனால் காரணம் அப்படியே இருக்கும். நெடுநாள் தடவினால் ஏற்கெனவே நலிந்த தோல் இன்னும் மெலியும்.

அடுத்த நிலையில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு இறுகித் தழும்பாகிறது. கணுக்காலுக்கு மேலே கால் சுருங்கி, கெண்டை அகன்று, கவிழ்த்து வைத்த புட்டியைப் போன்ற வடிவம் வருகிறது. இடையிடையே வெண்ணிறத் தழும்புத் திட்டுகளும் தெரியலாம். இத்தகைய தோலில் ஒரு சிறிய கீறலோ கொசுக்கடியைச் சொறிந்த காயமோ போதும், ஆறாத புண்ணாகிவிடும். நம் மாஸ்டருக்கு விறகுச் சிராய்ப்பு ஒன்று அதற்குப் போதுமானதாக இருந்தது.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

மாலையில் கனம், மந்தமான வலி, இரவில் கெண்டை பிடிப்பு, கணுக்கால் வீக்கம் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் வசதிப்படும் ஒரு நாளில் வந்து காட்டலாம், அவசரமில்லை. கணுக்காலருகே தோல் கறுத்தாலோ இறுகினாலோ அரித்துச் செதிலெழுந்தாலோ சில வாரங்களுக்குள் வர வேண்டும். முழங்காலுக்குக் கீழே வந்த எந்தப் புண்ணும் இரண்டு வாரங்களில் ஆறத் தொடங்கவில்லையென்றால் மேலும் காத்திருக்கக் கூடாது. முன்பு புண் வந்து ஆறியவர்கள், இப்போது தொல்லை ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒருமுறை சிரைகளைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் புண் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு நிலைமைகளில் அன்றைக்கே வர வேண்டும். சுருள் சிரை ஒன்று திடீரென்று கயிறுபோல இறுகி, சிவந்து, தொட்டால் வலித்தால் அதனுள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அந்த உறைவு நீண்டதாகவோ தொடை இடுக்குக்கு அருகிலோ இருந்தால் ஆழ்சிரைக்குப் பரவக்கூடும். அதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஸ்கேன் செய்துதான் சொல்ல முடியும். மற்றது, ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் முழுதாக வீங்கி வலிப்பது. ஆழ்சிரையிலேயே உறைவு ஏற்பட்டதன் அடையாளமாக அது இருக்கலாம். அத்துடன் மூச்சுத்திணறலோ மார்புவலியோ சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

எல்லா வீக்கமும் சிரையால் வருவதன்று

நம் பகுதியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பகோணம் முதலாகக் காவிரிப் படுகையில் யானைக்கால் நோய் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அந்த நினைவால் கால் வீங்கிய ஒருவரை ‘யானைக்கால்’ என்று சொல்லி ஒதுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோயாளிகளும் அந்தச் சொல்லுக்கு அஞ்சிக் காலை மறைத்துக்கொள்கிறார்கள். சிரை நோயைக் காட்டத் தாமதமாவதற்கு இந்த வெட்கமும் ஒரு காரணம் என்பதை என் அறையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

இரண்டையும் பெரும்பாலும் பார்த்தே வேறுபடுத்தலாம். யானைக்கால் நோயில் நிணநீர் தேங்குவதால் புறங்காலும் விரல்களும் பருத்துவிடும். நாட்பட நாட்படத் தோல் தடித்து மடிப்புகள் விழும். இரவு படுத்து எழுந்தாலும் வீக்கம் அவ்வளவாகக் குறையாது. சிரை நோயில் வீக்கம் கணுக்காலைச் சுற்றி மிகுந்திருக்கும். காலையில் குறைந்து மாலையில் கூடும். விரல்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிரை நோய் நெடுநாள் நீடித்தால் நிணநீர் ஓட்டமும் கெட்டு இரண்டும் கலந்து வரலாம் என்பதால் இறுதி முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்கினால் முதலில் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் உட்கொள்பவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

பரிசோதனையில் என்ன தெரிந்தது?

நம் மாஸ்டரை ஒரு முக்காலியின்மேல் நிற்க வைத்துத்தான் பரிசோதித்தேன். படுத்தால் சுருள் சிரைகள் வடிந்து மறைந்துவிடும். வேட்டியைத் தொடை வரை உயர்த்தியபோது இடது தொடையின் உட்புறத்திலிருந்து கெண்டை வரை விரல் பருமனில் நெளிந்த சிரை ஒன்று தெரிந்தது. அது கறுத்த திட்டுக்குச் சற்று மேலே வரை வந்திருந்தது. அவர் அதை அறிந்தேயிருந்தார். வலிக்காததால் அதையும் புண்ணையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சர்க்கரையால் வரும் புண் பொதுவாக உள்ளங்காலிலோ விரல்களிலோ குதிகாலிலோ, செருப்பு அழுத்தும் இடத்தில் வரும். பெரும்பாலும் வலி தெரியாது. அவருடைய புண் கணுக்காலின் உட்புற எலும்புக்குச் சற்று மேலே, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில், ஆழமில்லாமல் ஈரமாக இருந்தது. அந்த இடமே சிரைப் புண்ணைக் காட்டியது. சர்க்கரை அந்தப் புண்ணை ஆறவிடாமல் தாமதப்படுத்தலாம்; ஆனால் அதை உண்டாக்கியது சர்க்கரை அன்று.

கட்டுப்போடும் முன் இன்னொன்றை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் சுருங்கியிருந்தால், இறுக்கமான கட்டு காலுக்கே ஆபத்தாகிவிடும். அதற்குக் கையில் ஒருமுறையும் கணுக்காலில் ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறோம். அவருக்குக் கையில் 130, கணுக்காலில் 136. வகுத்தால் 1.05 வருகிறது. இது இயல்பான அளவு. 0.8க்குக் குறைந்தால் முழு இறுக்கத்தில் கட்டுவதில்லை, 0.5க்குக் குறைந்தால் கட்டவே கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளின் தமனிகள் சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். ஆகவே புறங்கால் நாடியையும் விரலால் தொட்டு உறுதிசெய்தேன். இந்தப் பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்கிய இறுக்கமான உறையை யாரும் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

பிறகு தஞ்சாவூரில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். ஊசி, வலி ஒன்றும் இல்லாத ஒலியலைப் பரிசோதனை இது. நோயாளியை நிற்க வைத்து, கெண்டையை அழுத்தி விட்டு, இரத்தம் எந்தத் திசையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். மேற்சிரையில் இரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அடைப்பான் பழுது என்று பொருள். அவருக்குத் தொடை இடுக்கில் முடியும் பெரிய மேற்சிரையில் இரண்டு விநாடிக்கு மேல் பின்னோட்டம் இருந்தது. ஆழ்சிரைகளில் உறைவோ அடைப்போ இல்லை. இந்த இரண்டாம் செய்தி முக்கியமானது. ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேற்சிரைதான் இரத்தம் திரும்பும் வழியாக இருக்கும். அதை அடைப்பது தவறாகிவிடும்.

சிகிச்சை: முதலில் கட்டு, பிறகு கதவு

சிரைப் புண்ணை ஆற்றுவது களிம்பு அன்று. சரியான அழுத்தம் தரும் கட்டு. புண்ணைச் சுத்தமான உப்புநீர்க் கரைசலால் கழுவி, ஒட்டாத எளிய துணி வைத்து, அதன்மேல் இரண்டு அடுக்குக் கட்டுப் போட்டோம். விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் மூடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும். கணுக்காலில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். புண்ணுக்கு மேல் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினால் அதற்குக் கீழே கால் வீங்கும், பயனில்லை. விரல்கள் நீலமாகவோ மரத்தோ போனால், அல்லது வலி கூடினால், இரவானாலும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று அவருடைய மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். கட்டு வாரம் ஒருமுறை மாற்றப்பட்டது.

“ஆன்டிபயாடிக் வேண்டாமா டாக்டர்?” என்று அந்த அம்மா கேட்டார். புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவும் சூடோ சீழோ காய்ச்சலோ இல்லாதபோது அது தேவையில்லை. கிருமிநாசினிக் களிம்புகளை மாற்றி மாற்றித் தடவினால் இந்தத் தோலில் ஒவ்வாமை எளிதில் வந்துவிடும். சுற்றியுள்ள வறண்ட தோலுக்கு மணமில்லாத எளிய ஈரப்பூச்சு போதும்.

கட்டு புண்ணை ஆற்றும். பழுதான அடைப்பானைச் சரிசெய்யாது. அதற்குத்தான் பழுதான சிரையையே அடைத்துவிடுகிறோம். முன்பெல்லாம் தொடை இடுக்கில் வெட்டி, சிரையைக் கட்டி உருவி எடுப்பது வழக்கம். தேவையான இடங்களில் அது இன்றும் செய்யப்படுகிறது. இப்போது பெரும்பாலும் ஊசித்துளை வழியே மெல்லிய இழையைச் சிரைக்குள் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலையின் வெப்பத்தால் உள்ளிருந்தே அதை அடைக்கிறார்கள். சிலருக்கு நுரை வடிவிலான மருந்தை ஊசியால் செலுத்துகிறார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

“ஒரு சிரையை அடைத்துவிட்டால் இரத்தம் எப்படித் திரும்பும்?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். காலின் இரத்தத்தில் பெரும்பகுதி ஆழ்சிரைகள் வழியாகவே திரும்புகிறது. பழுதான மேற்சிரை இரத்தத்தை மேலே கொண்டுபோகவில்லை, கீழேதான் இறக்கிக்கொண்டிருந்தது. அதை அடைத்தால் காலின் சுமை குறைகிறது.

புண் ஆறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்று முன்பு கருதினார்கள். பிரித்தானியாவில் 450 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. எல்லாருக்கும் அழுத்தக் கட்டுப் போட்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் இரண்டு வாரங்களுக்குள் சிரையையும் அடைத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு 56 நாள்களுக்குள் புண் ஆறியது. சிரை அடைப்பைத் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 82 நாள்கள் ஆயின. ஆகவே நம் மாஸ்டரையும் காத்திருக்க வைக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் தஞ்சாவூரில் சிரை அடைக்கப்பட்டது. ஒன்பதாம் வாரத்தில் புண் முழுதும் மூடியது.

செலவை எண்ணித் தயங்குபவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துச்சென்று, தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவுகளை அணுகலாம்.

புண் ஆறிய பின்

இந்தச் சிகிச்சைக்கும் எல்லை உண்டு. ஓராண்டு கழித்து வந்தபோது அவருடைய காலின் கறுப்பு பாதியளவு மங்கியிருந்தது; முழுதும் போகவில்லை. தோலில் தங்கிய இரும்புக் கறை மெதுவாகவே கரையும். தழும்பாகிவிட்ட இறுக்கம் முழுதாக இளகுவதில்லை. முன்னதாக வருவதால் கிடைக்கும் ஆதாயம் இதுதான். ஒரு சிரையை அடைத்த பின் ஆண்டுகள் கழித்து வேறொரு சிரை பழுதாகவும் கூடும். டயோஸ்மின் போன்ற மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கின்றன. எந்த மாத்திரையாலும் அடைப்பானைப் பழுது பார்க்க முடியாது.

ஆகவே அவர் முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறையை அணிகிறார். காலையில் படுக்கையிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கு முன்பே அதைப் போட வேண்டும். வீங்கிய பின் போட்டால் ஏறாது, ஏறினாலும் பயன் குறைவு. இரவு கழற்றிவிடலாம். நம் ஊர் வெயிலில், அதுவும் அடுப்பின் முன்னால், அது எளிதன்று என்பதை அறிவேன். இரண்டு இணைகள் வாங்கி நாளுக்கொன்றாகத் துவைத்துப் போட்டுக்கொள்கிறார். ஏறத்தாழ ஆறு மாதத்தில் உறையின் இழுவிசை தளர்ந்துவிடும். அப்போது மாற்றியாக வேண்டும்.

வேலையை அவர் விடவில்லை; விடச் சொல்லவும் இல்லை. மாவு பிசைந்து உருண்டை பிடிக்கும் நேரத்தை உட்கார்ந்து செய்கிறார். கல்லின் முன் நிற்கும்போது அவ்வப்போது குதிகால்களை உயர்த்தி இறக்குகிறார். கெண்டைத் தசை சிரையைப் பிழிய அதுவே போதும். இரவு கட்டிலின் கால்பக்கம் இரண்டு செங்கற்களை வைத்து உயர்த்தியிருக்கிறார். நடவு வயலில் நாள் முழுதும் சேற்றில் நடப்பவர்களைவிட, கடையிலும் சமையற்கட்டிலும் வகுப்பறையிலும் ஒரே இடத்தில் நிற்பவர்களே இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களுக்குச் சிரை புடைப்பது இயல்பு. பேறுகாலத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். அதுவரை காலுறையும் காலை உயர்த்தி வைப்பதும் போதும். அடைக்கும் சிகிச்சைக்கு அவசரமில்லை.

சிரை வெடித்துக் கசிந்தால்

கடைசியாக ஒன்றை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். கணுக்காலருகே தோல் மெலிந்து, நீலக் கொப்புளம்போல ஒரு சிரை மேலெழுந்திருந்தால், குளிக்கும்போது தேய்த்தாலும் அது கிழியலாம். வலி இருக்காது, ஆனால் இரத்தம் பீச்சியடிக்கும். அச்சத்தில் நோயாளி நிற்பதும், அவரை நாற்காலியில் உட்கார வைப்பதும், முழங்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டுவதும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். இதனால் உயிரிழந்தவர்களும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. உடனே தரையில் படுக்க வையுங்கள். காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்கி ஒரு நாற்காலியின்மேல் வையுங்கள். சுத்தமான துணியை மடித்துக் கசியும் இடத்தின்மேல் வைத்து, பத்து நிமிடம் விடாமல் விரலால் அழுத்துங்கள். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூளோ மஞ்சளோ வைக்க வேண்டாம். நின்ற பின் துணியை அப்படியே சுற்றிக் கட்டி, காலை உயர்த்தியபடியே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நிற்காவிட்டால் அழுத்தத்தை விடாமல் 108ஐ அழையுங்கள். இரத்தம் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அதே இடம் மீண்டும் கிழியும்.

இன்று இரவு படுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் நின்று, உங்கள் இரண்டு கணுக்கால்களின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சேலையோ வேட்டியோ மறைத்திருக்கும் அவர்களுடைய காலையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பழுத்த நிறம் ஏறியிருந்தால் களிம்பு வாங்கக் கடைக்குப் போகாமல், அடுத்த புறநோயாளர் நாளில் எங்களிடம் வாருங்கள். காலை முழுதும் காட்டும்படியான தளர்ந்த உடையுடன் வந்தால் பரிசோதிக்க எளிதாக இருக்கும்.